தேடினால் கிடைக்கும் ஆய்வேடு

தமிழில் எழுதப்பட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பி.டி.எஃப். கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். திரையில் எல்லாம் சரியாக இருக்கும். தலைப்பு தடித்த எழுத்தில், இயல்கள் ஒழுங்காக, அடிக்குறிப்புகள் அடியில். இப்போது ஏதாவது ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். "தாமிரபரணி" என்று இருந்த இடத்தில் `jhkpuguzp` என்று வந்தால், அந்த ஆய்வேட்டில் கணினியின் கணக்குப்படி ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது யாருக்கும் தேவைப்படாத ஆங்கிலக் குப்பை.

பாமினி எழுத்துருவின் வேலை இது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த பழைய எழுத்துருக்களில் ஒன்று. ஆங்கில 'ஜே'யைத் தட்டினால் திரையில் 'த' தெரியும். கோப்புக்குள் பதிவாவது 'ஜே'தான். வானவில் முதலிய மற்றப் பழைய எழுத்துருக்களிலும் எண்கள் வேறே தவிர கதை ஒன்றுதான். யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் 1991-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது. ஆனாலும் பல்கலைக்கழக வாசல்களில் இருக்கும் டைப்பிங் சென்டர்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. தட்டச்சு செய்பவரின் விரல் அந்த விசைப்பலகைக்குப் பழகியிருக்கிறது, அச்சில் எழுத்து அழகாகவும் விழுகிறது. அச்சுப் பிரதி நூலக அலமாரிக்குப் போன காலத்தில் இதில் ஒரு பாதகமும் இல்லை.

இப்போது ஆய்வேடு போகும் இடம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆய்வேட்டின் மின்பிரதியைத் தர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2016, 2022 விதிமுறைகளிலும் அது தொடர்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா என்ற களஞ்சியத்தில் நாட்டின் ஆய்வேடுகள் சேர்கின்றன. யார் வேண்டுமானாலும் உலகின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாகத் திறந்து படிக்கலாம். ஆய்வாளர் நேரடியாக அதில் கோப்பை ஏற்றுவதில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்து, திருத்தங்கள் செய்த இறுதிப் பிரதியைக் குறுந்தகட்டிலோ வேறு வழியிலோ பல்கலைக்கழகத்திடம் தருகிறார். கூடவே ஒரு படிவத்தை நிரப்புகிறார். நூலகத்தில் இதற்கெனப் பொறுப்பேற்றவர் ஏற்றுகிறார். ஐந்து ஆண்டு உழைப்பின் கடைசி அரைமணி நேர வேலை என்று நினைத்து அந்தப் படிவத்தைப் பலர் வராந்தாவில் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஆய்வேட்டைப் பிறகு எவர் கண்டுபிடிப்பார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தப் படிவம்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆய்வேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆய்வாளர் பெயர் சு. முத்துலட்சுமி. பொருள், தாமிரபரணிப் பாசனத்தில் நீர்கட்டிகள். வாய்க்காலில் வரும் தண்ணீரை வயலுக்கு வயல் முறைவைத்துத் திருப்பிவிடும் ஊர்ப் பணியாளர்தான் நீர்கட்டி. சில ஊர்களில் மடைக்குடும்பன் என்பார்கள், சில ஊர்களில் நீர்ப்பாய்ச்சி. முத்துலட்சுமி எடுத்துக்கொண்டது மருதூர் அணையிலிருந்து பிரியும் மேலக்காலில் பாசனம் பெறும் நான்கு ஊர்கள்.

படிவத்தின் முதல் கட்டமே சிக்கல்: பெயர். களஞ்சியங்கள் 'குடும்பப் பெயர், சொந்தப் பெயர்' என்ற வரிசையில் கேட்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அப்பா பெயர் சுப்பிரமணியன் என்பதை முதலில் போட்டால் உலகம் முழுவதும் அந்த ஆய்வேட்டைச் 'சுப்பிரமணியன்' என்றே மேற்கோள் காட்டும். முத்துலட்சுமியைத் தேடுபவருக்கு அவர் அகப்பட மாட்டார். முத்துலட்சுமி என்பதை முதலிலும் தலைப்பெழுத்தைப் பின்னாலும் வைப்பது நம் பெயர்களுக்குப் பொருந்துகிறது. எந்த வடிவமானாலும் பட்டச் சான்றிதழிலும் ஏற்கெனவே வந்த கட்டுரைகளிலும் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறாமல் இருக்க வேண்டும். 2012-இல் தொடங்கிய ஓர்சிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இலவசம். ஒரே பெயரில் பத்து முத்துலட்சுமிகள் இருந்தாலும் அந்த எண் பிரித்துக் காட்டிவிடும். நெறியாளர் பெயருக்கும் இதே கதைதான். களஞ்சியத்தில் நெறியாளர் வாரியாகப் பட்டியல் எடுக்க முடியும். ஒரே பேராசிரியரின் பெயரை ஒரு மாணவர் தலைப்பெழுத்தை முன்னால் போட்டும், இன்னொருவர் பின்னால் போட்டும், மூன்றாமவர் 'முனைவர்' என்ற பட்டத்தையும் பெயருக்குள் நுழைத்தும் எழுதினால், பட்டியலில் அவர் மூன்று ஆட்களாகிவிடுகிறார். ஏற்கெனவே பதிவான மூத்த மாணவரின் ஆய்வேட்டைத் திறந்து, அதில் நெறியாளர் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவது நல்லது. அது அசிங்கமான எழுத்துக்கூட்டலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் கட்டங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் மெட்டாடேட்டா. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய நூலகர்களும் கணினிக்காரர்களும் வகுக்கத் தொடங்கிய டப்ளின் கோர் என்ற முறையிலிருந்து வந்தவை. அடிப்படைக் கூறுகள் பதினைந்து. ஷோத்கங்கா இயங்குவது டீஸ்பேஸ் என்ற மென்பொருளில். அங்கே ஒரு பதிவின் முழு விவரத்தையும் திறந்தால் `dc.title`, `dc.description.abstract`, `dc.date.awarded` என்று புள்ளி வைத்த பெயர்களாக வரிசையாக வரும். ஆய்வேடு அறிந்த ஒருவர் இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பழைய நூலக அட்டையில் இருந்த தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் என்பவையே இங்கே கட்டம் பிரித்து நிற்கின்றன.

அவற்றில் தேதிதான் சத்தமில்லாமல் தப்பாகும். பதிவு செய்த ஆண்டு, ஆய்வை முடித்துச் சமர்ப்பித்த ஆண்டு, பட்டம் வழங்கிய ஆண்டு என்று மூன்று இருக்கின்றன. முத்துலட்சுமி 2017-இல் பதிந்து, 2022-இல் சமர்ப்பித்து, 2023-இல் பட்டம் பெற்றார் என்றால் மூன்று கட்டத்திலும் வெவ்வேறு எண் வர வேண்டும். மூன்றிலும் 2023 என்று போட்டுவிட்டால், அவருடைய களப்பணி எந்தக் காலத்து நிலவரத்தைச் சொல்கிறது என்பது படிப்பவருக்குக் குழம்பிவிடும். மொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று கிடந்தால், தமிழில் எழுதிய ஆய்வேடுகளை மட்டும் வடிகட்டித் தேடுபவர் கண்ணில் இது படாது.

தலைப்பைத் தமிழ் ஆய்வேடுகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துப் போடுகிறார்கள். 'பாசனத்தில்' என்பதை ஒருவர் ஒரு 'டி'யுடன் எழுதுவார், ஒருவர் 'டிஹெச்' சேர்ப்பார், ஒருவர் இரட்டிப்பார். இதைத் தேட வருபவர் எந்தக் கூட்டலை ஊகிப்பார்? தமிழ் எழுத்திலேயே யூனிகோடில் ஒரு தலைப்பு, மாற்றுத் தலைப்பு என்ற கட்டத்தில் பொருள் விளங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு என இரண்டும் இருந்தால் இரு வழியாகவும் ஆட்கள் வருவார்கள். ஒலிபெயர்ப்பு கட்டாயம் என்று நூலகம் சொன்னால் மூன்றாவதாக அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

திறவுச்சொற்களுக்கு வருவோம். இங்கே நிறைய ஆய்வாளர்கள் 'தமிழ், பாசனம், சமூகம், பண்பாடு, ஆய்வு' என்று எழுதுகிறார்கள். ஆயிரம் ஆய்வேடுகளுக்குப் பொருந்தும் சொற்கள். ஒன்றையும் பிரித்துக் காட்டாதவை. தலைப்பில் இருக்கும் சொற்களையே மறுபடி எழுதுவதும் வீண்தான், தலைப்பை மென்பொருள் தானாகவே தேடிக்கொள்ளும். திறவுச்சொல் கட்டத்தில் இடம்பெற வேண்டியது, தலைப்பில் இல்லாத, ஆனால் இந்த ஆய்வைத் தேடும் ஒருவர் தட்டக்கூடிய சொல்.

முத்துலட்சுமியின் ஆய்வுக்கு யாரெல்லாம் வருவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆற்றின் பெயரால் வருபவர் ஒருவர். அவர் தமிழில் தாமிரபரணி என்பார். இலக்கியம் படித்தவர் பொருநை என்பார். ஆங்கிலத்தில் பழைய ஆவணங்களைப் படித்துவிட்டு வருபவர் Tambraparni என்று தட்டுவார், இன்றைய செய்தித்தாள் வாசகர் Thamirabarani என்பார், இன்னொருவர் Tamiraparani. ஐந்துமே ஒரே ஆறு. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தேடுபொறிக்கு அவை ஐந்து வெவ்வேறு சொற்கள். பணியின் பெயரால் வருபவர் நீர்கட்டி என்றோ மடைக்குடும்பன் என்றோ நீர்ப்பாய்ச்சி என்றோ தேடுவார். தலைப்பில் நீர்கட்டி இருக்கிறது, மற்ற இரண்டும் திறவுச்சொற்களில் வர வேண்டும். ஊரால் வருபவர் மருதூர் அணை, மேலக்கால் என்பார்.

மாவட்டத்தின் பெயரால் வருபவருக்கு வேறு சிக்கல். இந்த ஊர்கள் இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-க்கு முன்னால் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம். பிரித்தபோது வைத்த பெயர் சிதம்பரனார் மாவட்டம். ஆங்கிலத்தில் தூத்துக்குடிக்கே Tuticorin, Thoothukudi என்று இரண்டு. 1950-களின் பாசனப் பதிவுகளோடு ஒப்பிட விரும்பும் வரலாற்றாசிரியர் திருநெல்வேலி என்றுதான் தேடுவார். ஆகவே இடத்தைக் குறிக்கும் கட்டத்தில் இன்றைய மாவட்டத்தையும், திறவுச்சொல்லில் பழைய மாவட்டத்தையும் சேர்ப்பது நியாயம். இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் முப்பது சொல் சேர்ந்துவிடும் என்பதும் உண்மை. ஆற்றின் பெயர் வேறுபாடுகளை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஏழு எட்டுக்குள் நிறுத்தலாம். மிச்சத்தை ஆய்வுச் சுருக்கத்துக்குள் இயல்பாகக் கொண்டுவர முடியும்.

ஒவ்வொரு திறவுச்சொல்லும் தனித்தனிக் கட்டத்தில் போக வேண்டும். எட்டுச் சொல்லையும் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் ஒட்டினால் மென்பொருள் அதை ஒரே நீண்ட சொல்லாக எடுத்துக்கொள்ளும். பொருள் வாரிப் பட்டியலில் அந்த முழு வால் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். இந்த வேலை நூலகப் பணியாளர் கையில் நடப்பது. படிவத்திலேயே வரிக்கு ஒரு சொல்லாக எழுதிக் கொடுத்தால் அவர் பிரித்துத்தான் போடுவார்.

ஆய்வுச் சுருக்கம்தான் இந்தப் படிவத்தின் கனமான பகுதி. அதிகமாகக் கெட்டுப்போவதும் அதுதான். வழக்கமாக நாம் காண்பது இது: 'இவ்வாய்வேடு முன்னுரை, முடிவுரை நீங்கலாக ஐந்து இயல்களைக் கொண்டது. முதல் இயலில் தாமிரபரணி ஆற்றின் வரலாறு விளக்கப்படுகிறது. இரண்டாம் இயலில் பாசன முறைகள் ஆராயப்படுகின்றன. மூன்றாம் இயலில்...' முழுதும் படித்து முடித்தாலும் என்ன கண்டுபிடித்தார் என்று தெரியாது. இது பொருளடக்கத்தை வாக்கியமாக்கியது. பொருளடக்கம் தனிக் கோப்பாக ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

அதே ஆய்வுக்கு வேறு மாதிரி எழுதினால்: 'தாமிரபரணியின் மருதூர் மேலக்காலில் பாசனம் பெறும் நான்கு ஊர்களில், வயல்களுக்கு நீர் பிரித்துவிடும் நீர்கட்டி முறை இன்று எந்த நிலையில் உள்ளது என்பதை இவ்வாய்வு ஆராய்கிறது. இரண்டு நெற்பருவங்களில் நேரடிக் கவனிப்பும், நீர்கட்டிகள், விவசாயிகள், பொதுப்பணித் துறைப் பணியாளர்கள் ஆகிய 42 பேரிடம் நேர்காணலும் நடத்தப்பட்டன. கூலியை அறுவடையில் நெல்லாக அளக்கும் இரண்டு ஊர்களில் முறை தொடர்கிறது. பணமாகத் தரத் தொடங்கிய இரண்டு ஊர்களில் பணியிடம் நிரப்பப்படாமல், கடைமடை வயல்கள் மோட்டார் கிணறுகளைச் சார்ந்திருக்கின்றன. நான்கு ஊர்களைக் கொண்டு ஆற்றின் முழுப் பாசனப் பரப்புக்கும் பொதுமைப்படுத்த இயலாது.' எண்களும் முடிவும் என் கற்பனை. ஆனால் எங்கே, யாரிடம், எப்படி, என்ன தெரிந்தது, எல்லை எது என்ற ஐந்தும் சில வரிகளில் வந்துவிட்டன. கடைமடை, மோட்டார் கிணறு என்ற தேடுசொற்களும் இடம் பிடித்தன. இதை இன்னும் விரித்து 250, 300 சொற்களுக்குள் வைத்தால் போதும்.

ஆங்கிலச் சுருக்கமும் கேட்பார்கள். அதில் நீர்கட்டி என்ற சொல்லை அடியோடு மொழிபெயர்த்து மறைத்துவிடுவது வழக்கம். ஒலிபெயர்ப்பையும் விளக்கத்தையும் சேர்த்தே வைப்பது நல்லது. இந்த முறையைப் பற்றி ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அந்தத் தமிழ்ச் சொல்தான் அடையாளம்.

சுருக்கத்தைக் கட்டத்தில் ஒட்டும்போது அது வெறும் எழுத்தாக இருக்க வேண்டும். பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வரிக்கு வரி முறிந்துபோகும். வரி இறுதியில் வெட்டப்பட்ட சொல் இரண்டாகவே கிடக்கும். அடிக்குறிப்பு எண் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மூலக் கோப்பிலிருந்து நோட்பேடு வழியாக ஒட்டினால் இவை குறையும். தட்டச்சுப் பிழைகளில் ஒன்று கண்ணுக்கே தெரியாது. 'பௌத்தம்' என்பதில் ஔகாரக் குறியைப் போடாமல் எகரக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் தட்டி 'பெளத்தம்' என்று எழுதினால் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அது 'பெளத்தம்' என்ற வேறு சொல். பௌத்தம் பற்றிய ஆய்வேடு பௌத்தம் என்று தேடும்போது வராமல் போவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

இனிக் கோப்பு. ஷோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாகப் போவதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணிட்ட பெயர்களில் போகிறது. `01_title.pdf`, `02_certificate.pdf` என்று தொடங்கி, இயல்கள் `10_chapter1.pdf`, `11_chapter2.pdf` என்று வரும். பல பதிவுகளில் கடைசியாக `80_recommendation.pdf` என்று ஒன்று இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்தது அது. எண்ணை முன்னால் வைப்பது கோப்புகள் வரிசை மாறாமல் நிற்பதற்காக. பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ 'ஃபைனல் புதுசு' போன்ற குறிப்புகளோ வேண்டாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பும் கூடாது. நகலெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சிலர் பூட்டிக் கொடுக்கிறார்கள். பூட்டிய கோப்பை நூலகமே திருப்பித் தரும். அப்படியே ஏறிவிட்டால் தேடுபொறி உள்ளே நுழைய முடியாது.

பிரிப்பதால் ஒரு பக்கவிளைவு உண்டு. கூகுளில் தேடி வருபவர் நேராக மூன்றாம் இயலில் வந்து விழுவார். அந்தக் கோப்பில் யாருடைய ஆய்வேடு, எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு வரியும் இருக்காது. கோப்பின் பண்புகள் என்ற பகுதியில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டிய இடம் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் தலைப்பில் ஏதோ பழைய வேர்டு கோப்பின் பெயரும், ஆசிரியர் இடத்தில் கணினியின் சொந்தக்காரரான டைப்பிங் சென்டரின் பெயரும் இருக்கும். முனைவர் பட்டம் வாங்கியவர் முத்துலட்சுமி, ஆனால் கோப்பின் ஆசிரியர் ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ஸ். வேர்டிலேயே தலைப்பையும் பெயரையும் திருத்திவிட்டு பி.டி.எஃப். ஆக்கினால் அது ஒவ்வொரு கோப்பிலும் கூடவே போகும்.

எழுத்துரு விஷயத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பயன்படுத்திய எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறதா என்பது. இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துகள் கட்டங்களாகவோ கோணலாகவோ தெரியும். நீண்டகாலப் பாதுகாப்புக்காக 2005-இல் வந்த பி.டி.எஃப்./ஏ என்ற தரம் இதைக் கட்டாயமாக்குகிறது. வேர்டிலும் லிப்ரே ஆஃபிஸிலும் பி.டி.எஃப். ஆக்கும்போது அந்தத் தெரிவு இருக்கிறது. இரண்டாவது, முதலில் சொன்ன நகலெடுத்து ஒட்டும் சோதனை. எழுத்துரு பொதிந்திருந்தாலும் பாமினியில் அடித்தது பாமினியாகவேதான் இருக்கும், பி.டி.எஃப்./ஏ அதைத் தமிழாக்காது. கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் இரண்டையும் இப்படிப் பார்க்கலாம்:

```
pdffonts 10_chapter1.pdf
pdftotext 10_chapter1.pdf out.txt
```

முதல் கட்டளை தரும் பட்டியலில் `emb` என்ற பத்தியில் எல்லா எழுத்துருவுக்கும் `yes` இருக்க வேண்டும். இரண்டாவது கட்டளை எழுத்தை மட்டும் பிரித்து `out.txt` என்ற கோப்பில் போடும். அதைத் திறந்து பார்த்தால் தேடுபொறிக்குத் தெரிவது என்ன என்பது நமக்கும் தெரிந்துவிடும்.

யூனிகோடில் அடித்திருந்தாலும் சில சமயம் அங்கே ஒரு கோளாறு வரும். பொருநை என்பது `ெபாருைந` என்று வெளியே வரலாம். கொம்பும் இணைக்கொம்பும் அச்சில் எழுத்துக்கு முன்னால் நிற்பவை. யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் பதிவாகுபவை. பி.டி.எஃப். உருவாக்கிய மென்பொருள் காட்சி வரிசையை அப்படியே எடுத்துவிட்டால் இப்படி ஆகும். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை; ஆனால் 'பொருநை' என்று தேடினால் வராது. வேறு எழுத்துருவையோ வேறு வழியில் பி.டி.எஃப். ஆக்குவதையோ முயன்றால் பல சமயம் சரியாகிவிடும். எல்லாச் சமயமும் ஆகாது. ஆகாதபோது கைகொடுப்பது கட்டத்தில் யூனிகோடில் தட்டிய சுருக்கமும் திறவுச்சொற்களும்தான். முழு எழுத்தும் தேடலுக்கு எட்டாவிட்டாலும் பதிவு எட்டும்.

பாமினியில் முழுவதும் முடிந்துபோன ஆய்வேட்டை என்ன செய்வது? என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. பத்தி பத்தியாகப் போட்டால் யூனிகோடாக மாற்றித் தரும். ஆனால் முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் போடுவது ஆபத்து. ஆய்வேட்டில் ஆங்கில நூற்பெயர்களும் மேற்கோள்களும் இருக்கும். மாற்றி அவற்றையும் பாமினி என்றே நினைத்து அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாக்கிவிடும். துணைநூற்பட்டியலில்தான் இந்தச் சேதம் அதிகம். வேர்டில் எழுத்துருப் பெயரைக் கொண்டு தேடி, பாமினிப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுவது பாதுகாப்பு. மாற்றிய பிறகு எழுத்தின் அகலம் மாறும், பக்கங்கள் நகரும், பொருளடக்கத்தின் பக்க எண் பொய்யாகிவிடும். தேர்வாளர் ஒப்புக்கொண்ட அச்சுப் பிரதியின் பக்க எண்ணும் களஞ்சியப் பிரதியின் பக்க எண்ணும் வேறாக இருப்பதைப் பல்கலைக்கழகம் ஏற்காது. மேற்கோள் காட்டுபவருக்கும் தலைவலி. ஆகவே சமர்ப்பித்த பிறகு மாற்றுவது காலம் கடந்த வேலை. முதல் இயலைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் அன்றே யூனிகோடு வேண்டும் என்று கேட்பதுதான் மலிவு.

இந்தக் குறை ஆய்வாளருக்கு ஒருவகையில் வசதியாகக்கூடத் தோன்றலாம். சமர்ப்பிக்கும் முன் ஒப்புமைச் சோதனை செய்கிறார்கள்; 2018-இல் வந்த மானியக் குழு விதிகளின்படி பத்து விழுக்காடு வரை ஒப்புமை தண்டனைக்கு உரியதல்ல. பாமினியில் இருக்கும் கோப்பை மென்பொருளுக்குள் போட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஒப்புமை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அந்தச் சான்றிதழ் எதையும் சான்று சொல்வதாக நான் நினைக்கவில்லை.

அளவும் ஒரு விஷயம். கல்வெட்டு, சிற்பம், களப்பணிப் படங்கள் நிறைந்த இயல் ஒன்று 60 எம்.பி. வரை போய்விடும். கூகுள் ஸ்காலர் 5 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்புகளைத் தன் அட்டவணையில் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே வேர்டில் இழுத்துப் போட்டதால் வரும் வீக்கம் இது. வேர்டில் படங்களைச் சுருக்கும் வசதி இருக்கிறது. அதன்பிறகும் அடங்காவிட்டால் படங்களைப் பின்னிணைப்புக்கு நகர்த்தி இயலை இலகுவாக்கலாம். முழு இயலையும் அச்செடுத்து ஸ்கேன் செய்து கொடுப்பது மட்டும் கூடாது. அளவும் பெருகும், உள்ளே எழுத்தே இல்லாத வெறும் படமாகவும் ஆகும். கையொப்பம் உள்ள சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்வதில் தவறில்லை.

பின்னிணைப்பு என்றதும் இன்னொன்று. நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல் ஆய்வேடுகளில் தகவலாளிகள் பட்டியல் என்று ஒன்று இருக்கும்: பெயர், வயது, சாதி, தொழில், ஊர், தொலைபேசி எண். அச்சுப் பிரதி அலமாரியில் இருந்தவரை அதைப் பார்த்தவர்கள் தேர்வாளரும் நாலைந்து ஆய்வாளர்களும். இப்போது அது உலகத்துக்குத் திறந்த கோப்பு. ஷோத்கங்காவில் உள்ளவை வணிகமல்லாத பயன்பாட்டுக்குப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன, அதாவது எடுத்து வேறிடத்திலும் போடலாம். பொதுப்பணித் துறையைப் பற்றி முத்துலட்சுமியிடம் மனம்விட்டுப் பேசிய நீர்கட்டியின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் போவதற்கு அவரிடம் அனுமதி வாங்கினாரா? தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எடுத்துவிட்டு, தேவையானால் பெயருக்குப் பதில் எண் கொடுத்து, அந்த மாற்றத்தை நெறியாளரின் சம்மதத்தோடு சமர்ப்பிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். ஒருமுறை வெளியே போன பட்டியலைத் திரும்ப அழைக்க முடியாது. பிறர் எடுத்த புகைப்படங்கள், பதிப்பகத்தின் வரைபடங்கள் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

ஆய்வேடு ஏறியதும் அதற்கு ஒரு நிலையான முகவரி கிடைக்கும். ஷோத்கங்காவுக்கான முன்னொட்டு `10603`. அதன்பின் அந்த ஆய்வேட்டுக்கே உரிய எண். தன்விவரக் குறிப்பிலும் கட்டுரைகளிலும் தர வேண்டியது இந்த முகவரியைத்தான், உலாவியின் மேற்பட்டையில் தெரியும் நீண்ட முகவரியை அல்ல. இணையதளம் மறுசீரமைக்கப்பட்டாலும் இது மாறாது. பதிவைத் திறந்து, தன் பெயர், நெறியாளர் பெயர், மூன்று தேதிகள், மொழி, ஒவ்வொரு திறவுச்சொல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, நான்காம் இயல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாம் இயலே இரண்டாம் முறை ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நடக்கிற தவறு அது. பிழை இருந்தால் திருத்துவது பல்கலைக்கழக நூலகத்தின் ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான். எந்தக் கட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது, என்னவாக மாற வேண்டும் என்பதை அந்த எண்ணோடு சேர்த்து எழுதிக் கொடுத்தால் அவர் வேலை சுலபமாகும். முத்துலட்சுமியானால், ஒரு வாரம் கழித்துத் தேடல் கட்டத்தில் 'பொருநை' என்றும் 'மடைக்குடும்பன்' என்றும் தட்டிப் பார்ப்பார்.